ரென்யூவல் விலை வருவதற்குள் நோட்டீஸ் கெடு முடிந்துவிட்டது: 40 சீட், இனி என்ன வழி?

நூல்கண்டு · பிப்ரவரி 16, காலை 10:42

வணக்கம். கோவையில் ஜவுளி இயந்திர உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். இந்த வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. வாடிக்கையாளர் புகார்களைப் பதிவு செய்யும் ஒரு வெளிநாட்டு மென்பொருளை எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு வருட ஒப்பந்தத்தில் 40 சீட்டுக்கு வாங்கியிருக்கிறார். மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. பில் அவர்களுடைய இந்திய நிறுவனத்திடமிருந்து ரூபாயில் வருகிறது.

பிப்ரவரி 12 அன்று மெயில் வந்தது. "பட்டியல் விலையில் 8 சதவீதத் திருத்தம்" என்று ஒரு வரி, கூடவே கொட்டேஷன். திறந்து பார்த்தால் சீட்டுக்கு மாதம் 1,400 கொடுத்துக்கொண்டிருந்தது 1,836 ஆகியிருக்கிறது. வருடத்துக்கு 6,72,000-ஆக இருந்தது 8,81,280. இது எந்தக் கணக்கில் 8 சதவீதம் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு 31 சதவீதம் வருகிறது. (ஜிஎஸ்டி தனி, அதை விட்டுவிடுங்கள்.)

சரி, வேண்டாம் என்று எழுதலாம் என ஒப்பந்தத்தை எடுத்தேன். வேண்டாம் என்றால் 60 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டுமாம், இல்லாவிட்டால் தானாகவே இன்னொரு வருடம். அந்தக் கெடு ஜனவரி 30-ஆம் தேதியே முடிந்துவிட்டது. விலையே சொல்லாமல் எப்படிச் சம்மதம் ஆகும்? யாராவது வழி சொல்லுங்கள்.

தெற்குவீதி · பிப்ரவரி 16, காலை 11:05

இதுக்கெல்லாம் பயப்படாதீங்க நண்பரே. ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கி சொல்லியே ஆக வேண்டும், 15,000-க்கு மேல் என்றால் ஓடிபி இல்லாமல் எடுக்கவே முடியாது. ஓடிபி கொடுக்காமல் விட்டால் ரென்யூவலே ஆகாது. அதற்கும் மேல் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதலில் சந்தாப் பொறி என்று தனியாகவே போட்டிருக்கிறார்கள். ஒரு நோட்டீஸ் விட்டால் இறங்கி வருவார்கள்.

கணக்குப்பிள்ளை · பிப்ரவரி 16, மதியம் 12:31

தெற்குவீதி சொன்ன விதிகள் உண்மைதான், ஆனால் இந்த இடத்தில் உதவாது. ஓடிபி கொடுக்காவிட்டால் கார்டிலிருந்து பணம் போகாது, அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்துவிடாது. ஏப்ரல் 1-ஆம் தேதி இன்வாய்ஸ் வரும், கெடு தாண்டினால் வட்டி ஏறும், பிறகு லாகினை நிறுத்துவார்கள். மென்பொருளும் இல்லை, பாக்கியும் நிற்கிறது என்ற நிலைமை. பணம் கட்டும் முறையும் பணம் கட்டும் கடமையும் வேறு வேறு. 200 ரூபாய் சந்தாவில் இந்த வித்தியாசம் தெரியாது, கையெழுத்துப் போட்ட வருட ஒப்பந்தத்தில் நன்றாகவே தெரியும்.

நூல்கண்டு சார், இரண்டு விஷயம் வேண்டும். விலை மாற்றத்தை அவர்கள் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று பொது விதிமுறையில் எழுதியிருக்கிறது? அப்புறம் ஆர்டர் ஃபார்ம். பொது விதிமுறை இல்லை, விலை அட்டவணையோடு கையெழுத்தான அந்த ஒரு பக்கம். அதில் ரென்யூவல் பற்றி ஏதாவது வரி உண்டா?

31 சதவீதம் எப்படி வந்தது என்பது சுலபம். போன வருடம் பட்டியல் விலை 2,000, அதில் 30 சதவீதம் தள்ளுபடி, அதனால் 1,400. இந்த வருடம் பட்டியல் விலை 2,160, அது 8 சதவீத ஏற்றம். தள்ளுபடியை 15-ஆகக் குறைத்திருக்கிறார்கள், அதனால் 1,836. ஏற்றத்தை மெயிலில் சொன்னார்கள், தள்ளுபடி பாதியானதைச் சொல்லவில்லை. 2,000 என்பது என் ஊகம், ஆர்டர் ஃபார்மில் சரிபாருங்கள்.

வண்ணக்கோல் · பிப்ரவரி 16, மதியம் 1:15

எனக்கும் இதே பிரச்சினைதான்! நான் வீட்டிலிருந்து டிசைன் வேலை செய்கிறேன். மாதாமாதம் கட்டுகிறேன், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மென்பொருளை நிறுத்தப் போனால், மீதி மாதங்களின் தொகையில் பாதியை அபராதமாகக் கட்டு என்கிறது. கேட்டால் இது வருடத் திட்டமாம், தவணைதான் மாதமாம். நூல்கண்டு, நீங்களும் பாதியைக் கட்டிவிட்டு வெளியே வந்துவிடலாமே?

கணக்குப்பிள்ளை · பிப்ரவரி 16, மதியம் 1:40

மேடம், உங்களுடையது தனிநபர் திட்டம். அதில் வெளியேற ஒரு விலையாவது வைத்திருக்கிறார்கள். கம்பெனி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அந்தக் கதவே கிடையாது, ஏப்ரல் தொடங்கிவிட்டால் முழு வருடத் தொகையும் கட்ட வேண்டியதுதான். ஆனால் தெற்குவீதி சொன்ன நுகர்வோர் வழி உங்களுக்குச் சரிப்பட்டு வரலாம். 2019 சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் இல்லை, ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. 40 சீட் வாங்கிய கம்பெனி அதற்குள் நுழைவது கஷ்டம்.

நூல்கண்டு · பிப்ரவரி 16, மாலை 5:58

கணக்குப்பிள்ளை சார், பட்டியல் விலை 2,000-தான்.

பொது விதிமுறையில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன். ஒன்று: விலை மாறினால் காலம் முடிவதற்கு 45 நாள் முன்பு தெரிவிப்போம். இரண்டு: சலுகை விலையில் வாங்கியவை அன்றைய பட்டியல் விலையில் புதுப்பிக்கப்படும். மூன்று: சீட் எண்ணிக்கை குறைந்தால் பழைய விலை பொருந்தாது, புதிதாக விலை போடப்படும்.

ஆர்டர் ஃபார்ம் பழைய ஃபைலில் எங்கோ இருக்கிறது. அக்கவுண்ட்ஸில் கேட்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை · பிப்ரவரி 16, இரவு 8:20

பார்த்தீர்களா. மார்ச் 31-இலிருந்து 45 நாள் பின்னால் போனால் பிப்ரவரி 14. உங்களுக்கு மெயில் வந்தது 12. அவர்கள் தங்கள் விதிப்படி இரண்டு நாள் முன்பாகவே சொல்லிவிட்டார்கள். உங்கள் கெடுவோ ஜனவரி 30. அவர்கள் ஒரு விதியையும் மீறவில்லை, ஆனால் எந்த வருடமும் விலையைப் பார்த்துவிட்டு நீங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இரண்டு எண்ணும் வெவ்வேறு பத்தியில் இருப்பதால் படிப்பவர் கண்ணில் சேர்ந்து படுவதில்லை. ஒப்பந்தம் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்த ஜோடியைத்தான். விலை அறிவிப்பு நாள் நம் நோட்டீஸ் நாளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். குறைந்தது முப்பது நாளாவது.

எல்லாரும் இப்படி வைப்பதில்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் வெளியிட்டிருக்கும் பொது ஒப்பந்தத்தில் வேண்டாம் என்று சொல்ல 30 நாள்தான், மெயிலில் சொன்னாலும் போதும். ஆனால் உங்கள் மூன்றாவது விதி போன்றது அதிலும் இருக்கிறது: எண்ணிக்கையோ காலமோ குறைந்தால் முந்தைய விலையைக் கணக்கில் எடுக்காமல் புது விலை.

ஓரக்கண் · பிப்ரவரி 16, இரவு 9:02

நூல்கண்டு அண்ணா, 40 பேரும் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா? அட்மின் பக்கத்தில் கடைசியாக லாகின் செய்த தேதி இருக்கும். அதைப் பாருங்கள். எங்கள் ஆபீஸில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் வேலையை விட்டே போயிருந்தார்கள்.

நூல்கண்டு · பிப்ரவரி 17, காலை 9:50

பார்த்தேன். கடந்த மூன்று மாதத்தில் 26 பேர்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அப்படியானால் 26-ஆகக் குறைத்துவிடலாம் அல்லவா? புது விலையிலேயே கூட ஐந்தே முக்கால் லட்சத்துக்குள் வருகிறது.

கணக்குப்பிள்ளை · பிப்ரவரி 17, காலை 10:33

வராது. மூன்றாவது விதியை மறுபடி படியுங்கள். சீட்டைக் குறைத்தால் தள்ளுபடி முழுவதும் போகும், 2,160-க்கு 26 சீட். மாதம் 56,160, வருடம் 6,73,920. போன வருடம் 40 சீட்டுக்குக் கட்டியது 6,72,000. பதினான்கு பேரை எடுத்துவிட்டு அதைவிட ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் அதிகம் கட்டுவீர்கள். தவிர, சீட்டைக் குறைக்கவும் அதே 60 நாள்தானா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் அதுவும் நோட்டீஸில்தான் சேரும். ஆர்டர் ஃபார்ம் கிடைக்கும்வரை அவர்களுக்கு எதுவும் எழுதாதீர்கள். முக்கியமாக, "கொட்டேஷன் கிடைத்தது, பார்த்துச் சொல்கிறோம்" என்று கூட வேண்டாம்.

சென்னை_ரீசெல்லர் · பிப்ரவரி 17, காலை 11:48

நான் லைசென்ஸ் விற்கும் பக்கத்து ஆள், அதனால் அடிக்க வருவீர்கள், பரவாயில்லை. எல்லா ஒப்பந்தமும் நோட்டீஸ் கேட்கும் என்று நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 365 வருடச் சந்தாவில் முன்கூட்டிய நோட்டீஸ் என்று எதுவும் கிடையாது. அட்மின் சென்டரில் Billing > Your products போய் Edit recurring billing என்பதை ஆஃப் செய்தால், காலம் முடிந்ததும் நின்றுவிடும். என்னைப் போன்ற பார்ட்னர் மூலம் வாங்கியிருந்தால் பார்ட்னரிடம்தான் சொல்ல வேண்டும். ஆஃப் செய்ய மறந்து ரென்யூ ஆகிவிட்டாலும் ஏழு நாள் அவகாசம் உண்டு, அதற்குள் நிறுத்தலாம், சீட்டையும் குறைக்கலாம். எட்டாம் நாள் வந்தால் முழு வருடம்தான். ஆட்கள் இந்த ஏழு நாளைத் தெரியாமலேயே கடந்துவிடுகிறார்கள், பில்லைப் பார்ப்பதே மாதக் கடைசியில்.

நூல்கண்டுவுக்கு ஒரு உள்விஷயம். விற்பனை ஆட்களுக்குக் காலாண்டு முடிவு பெரிய விஷயம். உங்கள் ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிவது அவர்களுக்கும் நெருக்கடிதான். கெடு முடிந்துவிட்டது என்று நீங்களே சொல்லிக்கொண்டு பேச ஆரம்பிக்காதீர்கள்.

வக்கீல்குமாஸ்தா · பிப்ரவரி 17, மதியம் 3:10

சட்டப் பக்கம் ஒன்று சொல்கிறேன். விலை தெரியாமல் எப்படிச் சம்மதம் என்று முதலில் கேட்டீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 29-ஆம் பிரிவின்படி பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது. ஆனால் அதே பிரிவின் உதாரணத்தில், ஆயிரம் மணங்கு அரிசியை இன்னொருவர் சொல்லும் விலைக்கு விற்கச் சம்மதித்தால் அது செல்லும் என்கிறது, ஏனென்றால் விலையை நிச்சயப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. "அன்றைய பட்டியல் விலை" என்பதையும் அப்படித்தான் வாதாடுவார்கள்.

அங்கே விலை சொல்வது மூன்றாம் ஆள், இங்கே விற்பவரே சொல்கிறார். பட்டியல் விலையை இணையதளத்தில் போடாமல் "எங்களைத் தொடர்புகொள்ளவும்" என்று மட்டும் வைத்திருந்தால் உங்கள் வாதத்துக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும். முதலில் எந்த நாட்டுச் சட்டம் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அயர்லாந்தோ கலிஃபோர்னியாவோ எழுதியிருந்தால் நான் சொன்னதெல்லாம் வீண்.

தெற்குவீதி · பிப்ரவரி 17, மாலை 4:25

விலையை அவர்களே சொல்லி அவர்களே சம்மதமும் கொடுத்துக்கொள்வதை எந்த நீதிமன்றமும் ஏற்காது. நான் இன்னமும் நோட்டீஸ் விடச் சொல்வேன்.

வக்கீல்குமாஸ்தா · பிப்ரவரி 17, மாலை 4:51

விடலாம். இரண்டு லட்சம் வித்தியாசத்துக்கு எத்தனை வாய்தா தாங்கும் என்று கம்பெனி முதலாளியிடம் கேட்டுவிட்டு விடுங்கள்.

நூல்கண்டு · பிப்ரவரி 18, மதியம் 12:15

ஆர்டர் ஃபார்ம் கிடைத்தது. சட்டம் இந்தியா, பெங்களூரு நீதிமன்றம். அட்டவணையில் இரண்டு விலைப் பத்தி: முதலாவது தலைப்பு பட்டியல் விலை, கீழே 2,000. இரண்டாவது தலைப்பு யூனிட் விலை, கீழே 1,400. அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரே வரி: ரென்யூவலில் யூனிட் விலை உயர்வு 8 சதவீதத்தைத் தாண்டாது. இதைத்தான் அவர்கள் 8 சதவீதம் என்கிறார்களோ?

கணக்குப்பிள்ளை · பிப்ரவரி 18, மதியம் 12:40

அந்த ஒரு வரி உங்களுக்கு ஒன்றரை லட்சம் மிச்சம்! உச்சவரம்பு பட்டியல் விலைக்கு இல்லை, யூனிட் விலைக்கு. யூனிட் விலை என்று அவர்களே தலைப்பு போட்ட பத்தியில் இருப்பது 1,400. அதில் 8 சதவீதம் 112. ஆக 1,512-க்கு மேல் கேட்க முடியாது. 40 சீட்டுக்கு வருடம் 7,25,760. அவர்கள் கேட்டதைவிட 1,55,520 குறைவு.

சலுகை விலை பட்டியல் விலைக்குப் போகும் என்ற விதியைக் காட்டுவார்கள். அதற்கு இரண்டு பதில். ஆர்டர் ஃபார்மும் பொது விதிமுறையும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்று எங்காவது எழுதியிருக்கும், பெரும்பாலும் ஆர்டர் ஃபார்ம்தான், தேடிப் பாருங்கள். அடுத்தது, 30 சதவீதத்தை ஆர்டர் ஃபார்மில் சலுகை என்று எங்காவது குறிப்பிட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் அது சலுகை விலை என்று இப்போது சொல்ல முடியாது.

இன்னொன்று. கையெழுத்தான அன்று இருந்த பொது விதிமுறையின் பதிப்பு எது? இணைப்பு மட்டும் கொடுத்திருந்தால் இன்று திறப்பது வேறு பதிப்பாக இருக்கலாம். பக்கத்தின் மேலே தேதி இருக்கும்.

நூல்கண்டு · பிப்ரவரி 18, மாலை 6:30

ஆர்டர் ஃபார்ம்தான் மேலோங்கும் என்று பொது விதிமுறையிலேயே இருக்கிறது. சலுகை என்ற சொல் ஆர்டர் ஃபார்மில் எங்கும் இல்லை. பதிப்பு மாறவில்லை. இன்றே எழுதுகிறேன். யாருக்கு? எங்கள் அக்கவுண்ட் மேனேஜருக்கு அனுப்பினால் போதுமா?

கணக்குப்பிள்ளை · பிப்ரவரி 18, இரவு 7:05

அவருக்கும் அனுப்புங்கள், ஆனால் நோட்டீஸ் அனுப்ப ஒப்பந்தத்தில் ஒரு முகவரி இருக்கும், அதற்கு அனுப்பினால்தான் கணக்கு. அக்கவுண்ட் மேனேஜர் வேலை மாறிப் போனால் மெயிலும் போச்சு. விலை தகராறை மட்டும் எழுதுங்கள், சட்டம் பேச வேண்டாம். கூடவே, ரென்யூவல் தாளில் ஆட்டோ ரென்யூவலை எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் நோட்டீஸை 30 நாளாகவும், விலை அறிவிப்பை 90 நாளாகவும் கேளுங்கள்.

ஓரக்கண் · பிப்ரவரி 18, இரவு 9:44

நான் வேறு மாதிரி செய்கிறேன். எந்த மென்பொருள் வாங்கினாலும் முதல் மாதத்திலேயே "இந்தக் காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பிக்க வேண்டாம், தேவைப்பட்டால் புது ஆர்டர் போடுவோம்" என்று நோட்டீஸ் அனுப்பிவிடுவேன். பிறகு கெடுவைப் பற்றிக் கவலையே இல்லை.

சென்னை_ரீசெல்லர் · பிப்ரவரி 19, காலை 8:30

அது வேலை செய்யும், ஆனால் விலையும் உண்டு. எங்கள் சிஸ்டத்தில் அந்த வாடிக்கையாளர் போகப் போகிறவர் என்று பதிவாகிவிடும். உச்சவரம்பு ரென்யூவலுக்குத்தான், புது ஆர்டருக்கு இல்லை. நூல்கண்டு போன வருடம் அப்படி அனுப்பியிருந்தால் அந்த 8 சதவீத வரியே இன்று அவருக்குக் கிடைத்திருக்காது. கடைசி நாளில் தானாக டேட்டா அழியும் அபாயமும் இருக்கிறது.

ஓரக்கண் · பிப்ரவரி 19, காலை 9:12

டேட்டா அழியும் என்றால் அது எக்ஸ்போர்ட் எடுக்காதவர் பிரச்சினை. உச்சவரம்பு விஷயம் நான் யோசிக்காதது. ஆனாலும் வரம்பு எழுதிக் கொடுக்கும் கம்பெனியையே நான் அதிகம் பார்த்ததில்லை. என் வழியையே தொடர்வேன்.

கணக்குப்பிள்ளை · பிப்ரவரி 19, காலை 10:20

வரம்பு இருந்தால் ரீசெல்லர் சொல்வது, இல்லையென்றால் ஓரக்கண் சொல்வது. நான் ஒரே ஷீட்டில் எல்லா மென்பொருளையும் போட்டு வைத்திருக்கிறேன். B காலம் முடியும் தேதி, C நோட்டீஸ் நாள். நாலாவது பத்தியில் வேலை தொடங்க வேண்டிய தேதி:

```
=B2-C2-45
```

45 எதற்கென்றால் லாகின் பட்டியல் எடுக்க, மாற்று மென்பொருளுக்கு ஒரு கொட்டேஷன் வாங்க, முதலாளி கையெழுத்துக்கு. நோட்டீஸை கடைசி நாளில் அனுப்ப வேண்டாம், நாள் எந்த நாட்டு நேரப்படி முடிகிறது என்ற வம்பு வேறு வரும்.

நூல்கண்டு · மார்ச் 6, மாலை 4:05

நிலவரம் சொல்கிறேன். முதல் பதிலில் அக்கவுண்ட் மேனேஜர் "8 சதவீதம் பட்டியல் விலைக்கு" என்றார். அட்டவணையின் படத்தை எடுத்து, யூனிட் விலை பத்தியில் வட்டம் போட்டு மறுபடி அனுப்பினேன். ஒரு வாரம் சத்தமே இல்லை. பிறகு, இரண்டு வருடம் கையெழுத்துப் போட்டால் 1,512 தருகிறோம் என்று வந்தார்கள். ஏற்கனவே எங்களுக்கு உரிமையுள்ள விலையை எதற்கு இரண்டு வருடத்துக்கு விற்கிறீர்கள் என்று எம்.டி. நேரடியாகவே கேட்டார். நேற்று ஒரு வருடத்துக்கே 1,512 என்று திருத்திய தாள் வந்தது. ஆட்டோ ரென்யூவலை எடுக்க மாட்டார்களாம், நோட்டீஸை 30 நாளாக்கினார்கள், விலை அறிவிப்பு 60 நாள். 8 சதவீத வரி அப்படியே இருக்கிறது.

சீட் விஷயம் நகரவில்லை. 40 சீட்டும் தொடர்கிறது. 14 சீட்டை விலை குறைவான, பார்க்க மட்டும் அனுமதிக்கும் வகைக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறேன். அதுவும் எண்ணிக்கைக் குறைப்பாகத்தான் கருதப்படும் என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை · மார்ச் 6, மாலை 5:22

நல்லது. கையெழுத்துக்கு முன், "எண்ணிக்கை குறைந்தால் புது விலை" என்ற விதி இந்த ஆர்டருக்குப் பொருந்தாது, அல்லது 20 சதவீதம் வரை குறைக்கலாம் என்று ஒரு வரி கேட்டுப் பாருங்கள். இந்த வருடம் பயன்படாவிட்டாலும் அடுத்த ரென்யூவலுக்கு வேண்டும்.

தெற்குவீதி · மார்ச் 6, மாலை 6:10

அந்த விதியை நுகர்வோர் அமைச்சகம் ஒருநாள் பார்க்கும், பாருங்கள்.

புதுமுகம்_திருச்சி · மார்ச் 7, காலை 7:55

இழையை முழுக்கப் படித்தேன். எங்கள் பள்ளிக்கு வாங்கிய ஒரு மென்பொருளில் ஆர்டர் ஃபார்மே இல்லை, இணையதளத்தில் "ஏற்கிறேன்" என்று அழுத்தியதுதான். அதில் உச்சவரம்பை எங்கே தேடுவது?

கணக்குப்பிள்ளை · மார்ச் 7, காலை 8:40

அப்படியானால் வரம்பு இருக்க வாய்ப்பு குறைவு. வாங்கிய அன்று வந்த உறுதிப்படுத்தும் மெயிலையும் முதல் இன்வாய்ஸையும் எடுத்து வையுங்கள், காலம் முடியும் தேதி அதில் இருக்கும். பிறகு பில்லிங் பக்கத்தில் ஆட்டோ ரென்யூவலை நிறுத்தும் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து, தனி இழை போட்டு எழுதுங்கள்.